‘மேலும் வாசிக்க’வுக்கு மேலே இரண்டு வரி

பதிப்பகம் கிடைக்காத புத்தகத்துக்கு அக்காதான் பதிப்பகம். பக்கம் அமைத்தது அக்கா, பிழை பார்த்தது அக்கா, அட்டை போட்டது அக்கா, இணையக் கடையில் ஏற்றியதும் அக்காதான். கல்யாணப் பத்திரிகையும் பள்ளிக்கூட நோட்டீசும் அடித்துக் கொடுக்கிற அவளுடைய சின்னக் கடையில் இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், அந்த பிரிண்டரைத் திட்டுவதற்கென்றே பிறந்த ஒரு வாய். தம்பி புத்தகம் எழுதியிருக்கிறான் என்று தெரிந்த அன்றே, “வெளியில எவன்கிட்டயும் போக வேண்டாம்டா, நான் இருக்கேன்” என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

தம்பி ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஊருக்கு மாஸ்டர். அவனிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: தங்கமான மனுஷன். மற்ற மாஸ்டர்கள் “பிரேக்! பிரேக்!” என்று கத்திக் காதைக் கிழிப்பார்கள், இவன் “கொஞ்சம் நிறுத்திக்கலாமா” என்பான். அதற்குள் அவன் பக்கத்திலிருக்கும் இரண்டாவது பிரேக்கில் கால் போயிருக்கும். என்ன மரியாதை, என்ன நிதானம் என்று எல்லோரும் உருகுவார்கள்.

மரியாதையாவது மண்ணாவது. அவனுக்கு அந்த வார்த்தை வராது. மாஸ்டருக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். உதட்டை மூடித் திறக்கிற எழுத்தில் வார்த்தை தொடங்கினால் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். அதனால் வார்த்தை வருவதற்கு முன்பே எட்டிப் பார்த்து, மாட்டிக்கொள்ளப் போகிற வார்த்தையைத் தள்ளிவிட்டு, வழுக்கிக்கொண்டு வருகிற வேறு வார்த்தையை எடுத்துப் போட்டுவிடுவான். பேசும் நேரமெல்லாம் இதே வேலை. பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டையும் அவனைக் கவனித்த டாக்டரம்மாவையும் தவிர வெளியில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முடியாது என்பார்கள். மறைத்துக் காட்டியவன் அவன்.

எழுதிய புத்தகமும் அதைப் பற்றித்தான். திக்குகிறவர்கள் போனில் எப்படிப் பேசுவது, கடையில் எப்படிக் கேட்பது, வேலைக்கு நேர்காணலில் எப்படி உட்காருவது என்று, தான் பட்டதையும் பார்த்ததையும் எழுதியிருந்தான். அக்கா பக்கம் அமைக்கும்போது இரண்டு இடத்தில் அழுதாள். அதை அவனிடம் சொல்லவில்லை. எழுத்துரு சரியில்லை என்று வேறு எதையோ சொல்லித் திட்டினாள்.

இணையக் கடையில் புத்தகத்துக்கான பக்கத்தில் ‘ஆசிரியரைப் பற்றி’ என்று ஓர் இடம் உண்டு. புகழ்பெற்ற பதிப்பகத்தின் பேர் இருந்தால் வாசகர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். பேர் இல்லாத புத்தகத்துக்கு அதுதான் வாசல். அதை அக்கா ரொம்பப் பெருமையாக எழுதினாள். ‘பேச்சுப் பயிற்சித் துறையின் தலைசிறந்த வல்லுநர். ஆயிரக்கணக்கானோரின் வாழ்வில் ஒளியேற்றியவர்.’ படத்துக்கு, மச்சினன் கல்யாணத்தில் எடுத்த கோட்டு சூட்டு போட்டோ.

“யாருக்குக்கா ஒளி ஏத்தினேன்?” என்று அவன் அப்போதே கேட்டான்.

“எல்லாரும் அப்படித்தான்டா போடுறாங்க. நம்மைப் பத்தி நாமளே நாலு வார்த்தை நல்லா சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா?”

அவள் மனசு நோகும் என்று விட்டுவிட்டான். அதுதான் தப்பாகப் போயிற்று.

பக்கத்தைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வாங்காமல் போனார்கள். பிறகு ஒரு விமர்சனம் வந்தது, ஒற்றை நட்சத்திரத்தோடு. ‘வல்லுநர் என்கிறார். எங்கே படித்தார், எங்கே வேலை செய்கிறார், ஒரு தகவலும் இல்லை. பதிப்பகமும் இல்லை. தேடிப் பார்த்தால் இப்படி ஒரு வல்லுநரே இல்லை. இலவசப் பக்கங்களைப் படித்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த விஷயத்தில் நாங்கள் ஏற்கெனவே நிறையப் பேரிடம் ஏமாந்திருக்கிறோம். இன்னொரு முறை ஏமாறத் தெம்பில்லை.’

அக்காவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. “யாருடா இவன்? வாங்கவே இல்லை, அதுக்குள்ள வந்துட்டான் நட்சத்திரம் கொடுக்க!” என்று பதில் எழுத விரலை மடக்கி நிமிர்த்தினாள். எழுதவில்லை. விமர்சனத்தோடு சண்டைக்குப் போகிற எழுத்தாளனை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அது மட்டுமில்லை. மறுபடி படித்தபோது கடைசி வரி அவளைக் குத்தியது. ஏமாந்தவர்கள் பேசுகிறார்கள். ஏமாற்றுக்காரன் மாதிரி தன் தம்பியை அலங்காரம் பண்ணி நிறுத்தியவள் யார்? அவளேதான்.

சாயங்காலம் மாஸ்டர் கடைக்கு வந்தான். விமர்சனத்தைப் படித்தான். கோபமே வரவில்லை அவனுக்கு.

“சரியாத்தானே எழுதியிருக்காங்க. அதை எடுத்துடுக்கா.”

“விமர்சனத்தை நாம எடுக்க முடியாதுடா.”

“அதை இல்ல. வல்லுநரை.”

எடுத்தார்கள். இணையத்தில் இல்லை, முதலில் அக்காவின் கணினியில் இருந்த நகலில்: வல்லுநர் போனார், தலைசிறந்தது போனது, ஒளி போனது. மிச்சம் இருந்தது அவன் பேர் மட்டும்தான். இரண்டு பேரும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“உண்மையைப் போடேன்டா” என்றாள் அக்கா. “உனக்குத் திக்கும்னு போடு. அதைவிடப் பெரிய பட்டம் இந்தப் புத்தகத்துக்கு எது?”

அவன் முகம் சுருங்கியது. “அக்கா, முதலாளியம்மா அந்தக் கடைப் பக்கத்தை நாளுக்கு நாலு தரம் திறந்து பார்க்கிறாங்க. ‘எங்க மாஸ்டர் புத்தகம் எழுதியிருக்கார், பேச்சு வல்லுநர்’னு கத்துக்க வர்றவங்களுக்கெல்லாம் லிங்க் அனுப்புறாங்க. அவசரத்துல வாய் அடைச்சுக்கிற ஆளை எந்த டிரைவிங் ஸ்கூல் வண்டியில உட்கார வைக்கும்?”

“அப்ப புனைபெயர் வச்சுக்கலாமா?”

“மறைக்காதீங்கன்னு ஒரு அத்தியாயமே எழுதிட்டு, நான் முக்காடு போட்டுக்கவா?” நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டான். “எழுது. முதலாளியம்மாகிட்ட முதல்ல நான் சொல்லிடறேன். சொன்னதுக்கு அப்புறம் ஏத்து.”

இதுதான் அவனுடைய அழகு. பயம் இல்லாதவன் துணிவதில் என்ன இருக்கிறது? இவன் பயந்து செத்துக்கொண்டே, சரி என்று சொல்கிறவன்.

எழுத உட்கார்ந்தபோது அக்கா ஒவ்வொரு வரிக்கும் கொசுறு சேர்க்கப் பார்த்தாள். அவன் ஒவ்வொன்றாக உதிர்த்தான். ‘திக்கலை வென்றவர்’ என்றாள். “வெல்லலையே” என்றான். அவனைக் கவனித்த பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா பேரைப் பெரிதாகப் போடலாம் என்றாள். “அவங்க ரெண்டு அத்தியாயத்துல இருந்த தப்பைத் திருத்திக் கொடுத்தாங்க, அவ்வளவுதான். சிபாரிசு பண்ணலை. திருத்தினாங்கன்னு மட்டும் போடு, அதுவும் கேட்டுட்டுப் போடு” என்றான். டாக்டரம்மா, பேர் வேண்டாம், திருத்தியதைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று பதில் அனுப்பினார். கோட்டு சூட்டு போட்டோவும் போயிற்று. வண்டிக் கதவில் சாய்ந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படம் வந்தது.

கடைசியில் நின்றது இதுதான்:

‘இந்நூலின் ஆசிரியருக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய், இன்றும் திக்குகிறார். அவர் மருத்துவர் அல்ல, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். திக்கலைப் போக்கும் வழி இந்நூலில் இல்லை. அதற்குப் பயிற்சியாளரைப் பாருங்கள். திக்கிக்கொண்டே வாழ அவர் செய்து பார்த்தவை இருக்கின்றன, செய்து தோற்றவையும் இருக்கின்றன. மூன்றாம், ஆறாம் அத்தியாயங்களில் இருந்த பிழைகளை ஒரு பேச்சுப் பயிற்சியாளர் திருத்தினார். பதிப்பகம் இல்லை, நூலை அமைத்தது அவருடைய அக்கா. முதல் அத்தியாயம் முழுவதும் இலவசமாக இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.’

“வாங்காதீங்கன்னு சொல்ற மாதிரி இருக்கேடா” என்று முனகினாள். ஆனாலும் இன்னொரு தரம் படித்தாள். இத்தனை சின்னதாகச் சொல்லி இத்தனை பெரிதாக ஓர் ஆள் நிற்க முடியுமா?

மறுநாள் காலை அவளுக்கு ஒரு சந்தேகம். கடைப் பக்கத்தில் முதல் இரண்டு வரிதான் தெரியும்; அதற்குக் கீழே ‘மேலும் வாசிக்க’ என்று வந்துவிடும். அதைத் தட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். முதல் இரண்டு வரிக்குள் எது வந்து நிற்கிறது? போனில் பார்த்துவிடலாமே என்று, எழுதியதை ஒட்டி, ‘சேமி’யை அழுத்தினாள். அவள் பக்கம் அமைக்கிற மென்பொருளில் சேமி என்றால் சேமிப்பதுதான். அச்சுக்கு அனுப்ப வேறு பொத்தான். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. இந்தப் பக்கத்திலோ சேமித்தால் ஊருக்கே சொன்ன மாதிரி. போனைத் திறந்து பார்த்தாள். இரண்டு வரி அழகாக வந்து நின்றன. அது எல்லோருக்கும் தெரிகிற பக்கம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழையதைத் திரும்ப ஒட்டிச் சேமித்தாள். மாற்றம் தெரியச் சிறிது நேரம் ஆகலாம் என்று பக்கம் சாவகாசமாகச் சொன்னது. போடும்போது மட்டும் உடனே போட்டாயே, பாவி! தம்பிக்கு போன் செய்தாள். வண்டியில் இருக்கும்போது அவன் எடுக்க மாட்டான். கடையைச் சாத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள்.

அது ஒரு நீளமான அறை. சுவரெல்லாம் சாலைக் குறியீட்டுப் படங்கள். பின்பக்கக் கதவைத் திறந்தால் பயிற்சி மைதானம். முதலாளியம்மா மேசைக்குப் பின்னால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக அந்த இடத்தை நிமிர்த்தியவர். குரல் கேட்டாலே வண்டி தானாக முதல் கியருக்குப் போகும் என்று மாஸ்டர் சொல்வான்.

“வாம்மா. உன் தம்பிக்குத் திக்குமா?”

பொய் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இன்னொருத்தர் பேரில் கதை கட்டலாம், யாரோ விளையாடிவிட்டார்கள் என்று சொல்லலாம். அக்கா அதற்கெல்லாம் கெட்டிக்காரிதான். ஆனால் அந்தப் பொய்யும் அவன் தலையில்தான் விடியும்.

“திக்கும்மா. அவனே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தான். அதுக்குள்ள நான் தெரியாம அழுத்தித் தொலைச்சிட்டேன். தப்பு என்னோடது.”

“இத்தனை வருஷம் என் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருக்கார். என்கிட்டயே மறைக்க நான் என்ன கேணச்சியா?”

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் உள்ளே வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான், முதலாளியம்மாவின் போனைப் பார்த்தான். புரிந்துவிட்டது. அக்காவைப் பார்த்து ஒரு கோபப் பார்வை கூட இல்லை. அதற்காகவே அவளுக்கு அழுகை வந்தது.

“சொல்லுங்க மாஸ்டர்” என்றார் முதலாளியம்மா.

வழக்கமாக இந்த இடத்தில் அவன் வழுக்கிப் போகிற வார்த்தைகளைத் தேடுவான். அவன் கண் அப்படித் தேடுவதை அக்கா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இன்று தேடவில்லை.

“ப்…” என்று தொடங்கினான். உதடு பூட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. அக்காவுக்கு அந்த வார்த்தையைத் தானே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று வாய் துடித்தது, கடித்துக்கொண்டாள். “ப்… ப்… பயந்துட்டேன்மா. அதான் சொல்லலை.”

ஒரே ஒரு வார்த்தை. வேறு வார்த்தையில் சுலபமாகச் சொல்லியிருக்கலாம். அவன் அதையேதான் சொன்னான்.

முதலாளியம்மா சாவியை எடுத்தார். “வாங்க, மைதானத்துக்கு. நான் ஓட்டறேன். நீங்க உங்க சீட்ல உட்காருங்க. நீயும் வாம்மா, பின்னாடி ஏறு.”

மைதானத்தின் கோடியில் பழைய டயர்களை அடுக்கி ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள். முதலாளியம்மா வண்டியை எடுத்தார். முதல் கியர், இரண்டாவது கியர், டயர்களுக்கு நேராக விட்டார்.

“நிறுத்தச் சொல்லுங்க மாஸ்டர். வாயால சொல்லுங்க. சொன்னாத்தான் நிறுத்துவேன்.”

டயர்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அக்கா முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, தெரிந்த தெய்வங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டாள். மாஸ்டர் வாயைத் திறந்தான். “ப்…” அங்கேயே நின்றது. ஆனால் வண்டியும் நின்றது. டயரிலிருந்து ஒரு முழம் தள்ளி, குலுங்காமல், அலுங்காமல் நின்றது. அவன் கால் எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது.

வண்டி நின்று, தூசி அடங்கி, முதலாளியம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகு, “…ரேக்” என்று மிச்ச வார்த்தை வந்து சேர்ந்தது.

முதலில் சிரித்தது மாஸ்டர்தான். அடக்க முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தான். அவன் தன் திக்கலைப் பார்த்துச் சிரித்து அக்கா பார்த்ததே இல்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது. முதலாளியம்மா மட்டும் முறைப்பாக இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“வாயால சொல்லச் சொன்னேனே, ஏன் கால் வச்சீங்க?”

“வாய் நல்லா இருக்கிறவங்களும் காலைத்தாம்மா வைக்கணும்” என்றான். அதில் இரண்டு இடத்தில் திக்கி நின்றான். அவர் காத்திருந்தார்.

“அது என்னமோ வாஸ்தவம்தான்” என்றார் அவர். “உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாரே, வெண்கலக் குரல். ‘பிரேக், பிரேக்’னு கத்திக்கிட்டே போய் நம்ம வாசல் கேட்டை இடிச்சார்.” பிறகு குரல் இறங்கியது. “என்கிட்ட சொல்லியிருக்கலாம் மாஸ்டர். அதுதான் எனக்கு வருத்தம். திக்கறது இல்ல.”

“தப்புதான்மா.”

அறைக்குத் திரும்பியதும் அவர் மறுபடி போனைத் திறந்தார். பக்கம் அதற்குள் பழைய வல்லுநருக்கு மாறியிருந்தது. “இது என்ன, இந்த ஆள் திரும்பி வந்துட்டார்? இவரைத் தூக்கிட்டு அதைப் போடும்மா. போடும்போது இன்னொண்ணு சேர்த்துக்க. கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறவர்னு மொட்டையா இருக்கே, எங்கன்னு இல்லையே?”

“உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னுதான் நான்…” என்றான் மாஸ்டர்.

“யாரோ ஒருத்தர் எங்கயோ கத்துக்கொடுக்கிறார்னா எவன் நம்புவான்? ஸ்கூல் பேரைப் போடு, ஊரைப் போடு. சந்தேகம் இருக்கிறவன் விசாரிச்சுக்கட்டும். நான் இங்கதானே உட்கார்ந்திருக்கேன்.”

அக்காவுக்கு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. எந்தப் பதிப்பகம் இப்படி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்? அங்கேயே, அந்த மேசை ஓரத்திலேயே உட்கார்ந்து, ஸ்கூல் பேரை இரண்டாவது வரியில் சேர்த்தாள். ‘சேமி’க்கு மேல் விரலை வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். அழுத்தினாள்.

புத்தகம் அதற்கப்புறம் பறந்தது என்று கதை விட மாட்டேன். ஒன்றும் பறக்கவில்லை. கொஞ்சம் விற்றது. கற்றுக்கொள்ள வந்த ஓர் ஆள், திக்குகிற மாஸ்டர் வேண்டாம் என்று வேறு ஸ்கூலுக்குப் போனார். முதலாளியம்மா, “போகட்டும், கேட்டை இடிக்கட்டும்” என்றார். மாஸ்டர் இப்போது வண்டியில் “பிரேக்” என்றுதான் சொல்கிறான், வருகிறபோது வரட்டும் என்று.

அக்கா நோட்டீஸ் கட்டைக் கொடுப்பதற்காக ஸ்கூலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மேசை மேலிருந்த போன் அடித்தது. முதலாளியம்மா எடுத்தார். “ஆமா, இங்கதான் இருக்கார். நீங்க யாரு? ஹலோ? ஹலோ?” போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார். “மாஸ்டர் பேரைச் சொல்லி, அப்படி ஒருத்தர் நிஜமாவே இருக்காரான்னு ஒரு ஆம்பளை கேட்டார். இருக்கார்னேன். அப்புறம் வேற யார்கிட்டயோ கொடுத்துட்டார் போல, சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சா என்னமோ.”

மாஸ்டர் வந்து போனை வாங்கினான். காதில் வைத்தான். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். வெறும் அமைதியைக் கேட்டுக்கொண்டு அவன் நின்றான். முதலாளியம்மா, வைத்துவிடுங்கள் என்று சைகை காட்டினார். அவன் மாட்டேன் என்று தலையசைத்தான்.

அந்த அமைதி அவனுக்குத் தெரிந்த அமைதி. உள்ளே ஒருவர் ஒரு வார்த்தையை முட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறார். எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டான், நேரம் நிறைய இருக்கிறவன் மாதிரி.

வெகுநேரம் கழித்து ஒரு பெண்ணின் குரல் வந்தது, அக்காவுக்கே கேட்கிற அளவுக்கு உடைந்து, வெடித்து. “நீ… நீ… நீங்களும் நி… நிஜமாவே…?”

“ம்… ம்…” என்றான் மாஸ்டர். அவனுக்கும் பூட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் அவசரப்படாமல் காத்திருந்தார்கள். அவனுக்காக இதுவரை போனில் யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. அவன் கண் கலங்கிவிட்டது, ஆனால் வேறு வார்த்தைக்குத் தாவவில்லை. “ம்… மெதுவா பேசுங்கம்மா. நா… நானும் மெதுவாத்தான் பேசுவேன்.”

அக்கா நோட்டீஸ் கட்டை மேசையில் வைத்துவிட்டு, வாசலில் போய் நின்று தாராளமாக அழுதாள்.